இருபது பேர்ச், நான்கு பிள்ளைகள்: ஒரு பதுளை வீட்டின் பங்குக் கணக்கு

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 160 பேர்ச் சேர்ந்தால் ஒரு ஏக்கர். பதுளை நகர எல்லைக்குள் வீதிப் பக்கம் 45 அடியும் உள்நோக்கி 121 அடியும் உள்ள ஒரு காணியைப் பெருக்கிப் பார்த்தால் 5,445 சதுர அடி, அதாவது சரியாக 20 பேர்ச் வரும். ஊவாவின் சரிவுகளில் வழக்கமாக இருப்பதுபோல வீதி மேலே இருக்கிறது, வீடு வீதியை ஒட்டி நிற்கிறது, பின்பக்கம் கீழே இறங்குகிறது. தோட்டத்தில் கிளாக்கராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அதைத் தன் பெயரில் வாங்கி வீடு கட்டினார். மரணசாசனம் எழுதாமல் இறந்தார். மனைவி இருக்கிறார். பிள்ளைகள் நால்வர்: வீட்டிலேயே இருக்கும் மூத்த மகன், பண்டாரவளையில் மணமுடித்த மகள், வெளிநாட்டில் இருக்கும் இளைய மகன், தகப்பனுக்கு முன்பே இறந்துபோன கடைசி மகள். கடைசி மகளுக்கு இரண்டு பிள்ளைகள்.

இந்தக் குடும்பம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது. கீழே வரும் விலைகளும் அப்படியே. சட்டமும் அளவுகளும் மட்டும் உள்ளபடியானவை.

முதலில் எந்தச் சட்டம் என்ற கேள்வி. பதுளையில் இதைக் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். ஒருவர் தேசவழமை என்பார். இன்னொருவர் இந்தியத் தொலைக்காட்சித் தொடர்களில் கேட்ட இந்து வாரிசுரிமையைச் சொல்வார். மூன்றாமவர் ஆண்பிள்ளைகளுக்குத்தான் வீடு என்பார். மூன்றும் பொருந்தாது. தேசவழமை வடக்கின் தமிழர்களுக்குரியது. இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்தியாவின் சட்டம். மலையகத் தமிழருக்கு உரியது நாட்டின் பொதுச் சட்டம். மரணசாசனமின்றி இறந்தவரின் சொத்தில் அது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள் மற்றும் உரித்துக் கட்டளைச் சட்டம். அதன்படி வாழும் துணைக்குப் பாதி. மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வேறுபாடின்றி. முன்பே இறந்த பிள்ளையின் இடத்தில் அந்தப் பிள்ளையின் பிள்ளைகள் வருவார்கள்.

வித்தியாசம் சின்னதல்ல. இதே குடும்பம் தமிழ்நாட்டில் இருந்து, இது தகப்பன் தானே தேடிய சொத்தாகவும் இருந்தால், தாய்க்கும் ஒரு பிள்ளையின் பங்குதான், ஐந்தில் ஒன்று. பதுளையில் தாய்க்கு இரண்டில் ஒன்று. ஆகவே தகப்பன் இறந்த அன்று 20 பேர்ச்சில் 10 தாயுடையது. நான்கு கிளைகளுக்கும் எட்டில் ஒன்று, அதாவது இரண்டரை பேர்ச் வீதம். கடைசி மகளின் பிள்ளைகளுக்குப் பதினாறில் ஒவ்வொன்று.

கடைசி மகளின் கணவருக்கு இதில் எதுவும் இல்லை. மனைவி தகப்பனுக்கு முன்பே இறந்துவிட்டதால் அவர் வழியாகக் கணவருக்கு வர ஒன்றுமில்லை. ஆனால் அந்த மகள் தகப்பனுக்குப் பிறகு, தாய்க்கு முன் இறந்திருந்தால் கணக்கு மாறும். தகப்பனிடமிருந்து அவருக்கு ஏற்கெனவே வந்த எட்டில் ஒன்றில் பாதி கணவருக்குப் போகும், பதினாறில் ஒன்று. வீடும் காணியும் சேர்த்து ஒரு கோடி ரூபா என்று வைத்துக்கொண்டால் அது 6,25,000 ரூபா. மரணச் சான்றிதழில் உள்ள ஒரு திகதி மருமகனை உள்ளே கொண்டுவருகிறது, அல்லது வெளியே வைக்கிறது. பங்குப் பேச்சுக்கு உட்காரும் குடும்பம் முதலில் மேசையில் வைக்க வேண்டியது உறுதியை அல்ல, மரணச் சான்றிதழ்களை.

சில ஆண்டுகளில் தாயும் மரணசாசனமின்றி இறக்கிறார். அவருடைய பாதி நான்கு கிளைகளுக்கும் போகிறது. இப்போது கிளைக்கு நான்கில் ஒன்று, 5 பேர்ச். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் இரண்டரை வீதம். ஐந்து பேர், 20 பேர்ச், ஒரு வீடு.

ஐந்து பேர்ச் என்றதும் பலருக்கும் கண்ணில் படுவது நான்கு சிறு துண்டுகள். அங்கேதான் அளவுநாடா குறுக்கே வருகிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொது விதிப்படி ஒரு குடியிருப்புத் துண்டு 150 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. ஊரில் ஆறு பேர்ச் என்பார்கள். நுணுக்கமாகப் பார்த்தால் 5.93. ஐந்து பேர்ச் துண்டு அதற்குக் கீழே. ஆக நான்கு துண்டு என்ற பேச்சு முடிந்தது.

மூன்று துண்டு? பின்னால் உள்ள துண்டுக்குப் பாதை வேண்டும். 121 அடி ஆழத்தை மூன்றாகப் பிரித்தால் மூன்றாவது துண்டு வீதியிலிருந்து சுமார் 80 அடியில் தொடங்கும். பத்தடி அகலப் பாதைக்கு 800 சதுர அடி, 2.94 பேர்ச் போகும். மிச்சம் 17.06. மூன்றால் வகுத்தால் 5.69 பேர்ச், சுமார் 144 சதுர மீட்டர். ஆறு சதுர மீட்டர் குறைகிறது. அவ்வளவுதான், ஆனால் அந்த ஆறு மீட்டருக்காக வரைபடம் அங்கீகரிக்கப்படாது. ஆகவே இந்தக் காணி இரண்டு துண்டாகத்தான் பிரியும். நான்கு கிளை, இரண்டு துண்டு. இங்கே பங்கு போடப்போவது மண்ணை அல்ல, பெரும்பகுதி பணத்தை. இதைக் குடும்பம் ஒப்புக்கொள்ளாத வரை எந்தப் பேச்சும் நகராது.

பணத்துக்கு வருவோம். மதிப்பீட்டாளர் ஒருவர் பேர்ச் மூன்று இலட்சம் என்று காணிக்கு 60 இலட்சமும், தேய்மானம் கழித்து வீட்டுக்கு 40 இலட்சமும் போட்டார் என்று கொள்வோம். மொத்தம் ஒரு கோடி, கிளைக்கு 25 இலட்சம். மூத்தவர் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு 75 இலட்சம் கொடுத்தால் தீர்ந்தது.

தீராது. மூத்தவர் சொல்வார்: மேல்மாடியைத் தன் பணத்தில் கட்டியதாக. இன்றைய பெறுமதியில் அது 12 இலட்சம். தங்கை சொல்வார்: முன்னறையைக் கடைக்கு விட்டு மாதம் 15,000 ரூபாவை ஆறு ஆண்டாக அண்ணன் தனியே வாங்கியதாக. மூத்தவர் திருப்பிச் சொல்வார்: மாநகர சபைக்கு மதிப்பீட்டு வரி கட்டியதும், காற்றில் போன தகரத்தை மாற்றியதும் யார் என்று. இரண்டும் சேர்த்து 2 இலட்சம். இந்த மூன்று வாக்கியங்களும் பல வீடுகளில் இருபது வருடப் பேச்சில்லா உறவாக முடிந்திருக்கின்றன. அவற்றை ஒரே தாளில் எழுதினால் என்ன வருகிறது என்று பார்க்கலாம்.

பொதுக் காணியில் ஒரு பங்காளி கட்டிய கட்டடம் மண்ணோடு சேர்ந்து எல்லோருக்கும் உரியதாகிறது. கட்டியவருக்கு அதற்கான நட்டஈடு கோர வழி உண்டு. ஆகவே 12 இலட்சம் மூத்தவருக்கு வர வேண்டும். ஆனால் நான்கில் ஒரு பங்கு அவருடையதே. மற்றவர்களின் பையிலிருந்து வர வேண்டியது 9 இலட்சம்தான். வாடகை ஆறு ஆண்டுக்கு 10,80,000. அதில் முக்கால் பங்கு, 8,10,000, மற்றவர்களுடையது. நீதிமன்றம் எத்தனை ஆண்டு வாடகையை ஏற்கும் என்பது வேறு கேள்வி. இது குடும்பக் கணக்கு, ஆறையும் போடுகிறோம். மூத்தவர் அங்கே குடியிருந்ததற்கு வாடகை எழுதவில்லை. ஒரு பங்காளி பொதுச் சொத்தில் வசிப்பது அவருடைய உரிமை. மற்றவர்களை உள்ளே விடாமல் தடுத்திருந்தால்தான் அது வேறு கதை. வரியிலும் கூரையிலும் மற்றவர்களின் முக்கால் பங்கு 1,50,000.

மேல்மாடிக்காக மூத்தவருக்கு: 9,00,000
வரி, கூரைக்காக மூத்தவருக்கு: 1,50,000
வாடகைக்காக மூத்தவர் கொடுக்க வேண்டியது: 8,10,000
மூத்தவருக்கு மிஞ்சுவது: 2,40,000

ஒரு கோடி ரூபாச் சொத்தின் மீதான சண்டையின் நிகரப் பெறுமதி 2,40,000 ரூபா. கிளைக்கு 80,000. இலக்கங்கள் வேறு வீட்டில் வேறாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தரப்பும் தன் முறைப்பாட்டின் முழுத்தொகையைத்தான் பேசுகிறது, தன் பங்கைக் கழித்துப் பேசுவதில்லை என்பதை இந்த நான்கு வரிகள் காட்டும். மூத்தவர் இப்போது கொடுக்க வேண்டியது 72,60,000. தங்கைக்கும் தம்பிக்கும் 24,20,000 வீதம், பேரப்பிள்ளைகளுக்கு 12,10,000 வீதம்.

அவ்வளவு காசு மூத்தவரிடம் இல்லையென்றால், அந்த இரண்டு துண்டு யோசனைக்குத் திரும்பலாம். இரண்டாவது துண்டுக்குப் பாதை 60 அடி போதும். 600 சதுர அடி, 2.2 பேர்ச். மிச்சம் 17.8. வீட்டோடு மேல் துண்டு 9.8, கீழ்த் துண்டு 8. பாதைக்குப் போன 2.2 பேர்ச்சின் 6,60,000 ரூபா யார் கையிலும் இல்லாத பணம். பிரிப்பதற்கான விலை அது. மொத்தப் பெறுமதி 93,40,000 ஆகிறது. கிளைக்கு 23,35,000. பழைய கணக்கின் 80,000ஐக் கழித்தால் மற்ற மூன்று கிளைகளுக்கும் 22,55,000 வீதம், மூத்தவருக்கு 25,75,000.

கீழ்த் துண்டு 24 இலட்சம் பெறும். அதைத் தங்கை எடுத்தால் அவருக்கு உரியதைவிட 1,45,000 கூடுதல். அந்த வித்தியாசத்தை அவர் பணமாகக் கொடுக்க வேண்டும். மூத்தவரின் மேல் துண்டும் வீடும் 69,40,000. அவர் கொடுக்க வேண்டியது 43,65,000. இரண்டும் சேர்ந்தால் 45,10,000, அதாவது தம்பிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரிய இரண்டு 22,55,000. மூத்தவர் தேட வேண்டிய பணம் 72 இலட்சத்திலிருந்து 44 இலட்சத்துக்கு இறங்கியது. இப்படிப் பங்குகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைப் பணத்தால் ஈடுசெய்வது பிரிவினைச் சட்டத்துக்கும் புதிதல்ல.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கீழ்த் துண்டும் பேர்ச் மூன்று இலட்சம் என்று எடுத்துக்கொண்டோம். பதுளை மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டதை இங்கே எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. சரிவில் வீடு கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி கேட்கப்படும். கட்ட முடியாது என்று அறிக்கை வந்தால் தங்கைக்குக் கிடைத்தது வீட்டு மனை அல்ல, எட்டுப் பேர்ச் கீரைத்தோட்டம். அந்த அறிக்கையை உறுதி எழுதுவதற்கு முன் வாங்க வேண்டும். பின்னால் வாங்கினால் 24 இலட்சம் என்ற எண்ணுக்குப் பொருள் இல்லை.

எல்லோரும் ஒத்துக்கொண்டாலும் வாய்ப்பேச்சு போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி கைமாறுவது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதும் உறுதியால்தான். வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கோவில் தர்மகர்த்தா கையெழுத்திட்ட பங்குப் பத்திரம் சொந்தத்தை மாற்றாது. வெளிநாட்டுத் தம்பி வர முடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். பங்குகளை விலைக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை உண்டு. வழக்கமான வீதம் முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 25 இலட்சப் பங்குக்கு 99,000 ரூபா. மூன்று கிளையையும் மூத்தவர் வாங்கினால் ஏறக்குறைய மூன்று இலட்சம், மேலே பார்த்த சண்டையின் மொத்தப் பெறுமதியைவிட அதிகம்.

பேரப்பிள்ளைகளில் ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் இன்னொரு படி. பிள்ளையின் தகப்பன் தன் கையெழுத்தால் அந்தப் பங்கை விற்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பையனுக்குப் பதினாறரை என்றால் சில குடும்பங்கள் ஒன்றரை வருடம் காத்திருப்பதையே தேர்ந்தெடுக்கின்றன. காத்திருப்பதாக இருந்தால் மதிப்பீட்டை இன்றே எழுத்தில் வைப்பது புத்தி. இல்லாவிட்டால் பேர்ச் விலை ஏறியதும் முழுப்பேச்சும் முதலிலிருந்து தொடங்கும்.

மூத்தவர் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுவது இன்னொரு வழி, அதிகம் பேர் எடுக்கும் வழி. "பத்து வருஷம் நான்தானே இருக்கிறேன், இனி வீடு எனக்குத்தான்" என்பது அதற்குச் சொல்லும் நியாயம். பத்து ஆண்டு என்ற எண் உண்மையானதுதான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலிருந்து அது வருகிறது. ஆனால் அது அந்நியருக்கு எதிரான பத்து. பங்காளிகளுக்கு இடையில் 1911இல் கொறெயா எதிர் அப்புஹாமி வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது இன்னும் நிற்கிறது: ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியாகவே கொள்ளப்படும். மற்றவர்களின் உரிமையை மறுத்து அவர்களை வெளியேற்றியதற்குச் சமமான ஒரு செயல் நடந்து, அதிலிருந்து பத்து ஆண்டு போக வேண்டும். 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியான் வழக்கில், நீண்டகாலத் தனி ஆட்சியும் சூழ்நிலைகளும் பலமாக இருந்தால் அப்படியொரு வெளியேற்றத்தை ஊகிக்கலாம் என்று இங்குள்ள நீதிமன்றம் சிறு கதவு திறந்தது. ஆனால் வரி கட்டினேன், கூரை போட்டேன், பொங்கலுக்குத் தங்கை வந்து தங்கிப் போனாள் என்ற சாட்சியத்தோடு அந்தக் கதவுக்குள் போக முடியாது. தங்கை வந்து தங்கிப் போனதே மூத்தவருக்கு எதிரான சாட்சியம்.

இனி வழக்கு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி எட்டில் ஒரு பங்குள்ள பேரப்பிள்ளை ஒருவர்கூட பதுளை மாவட்ட நீதிமன்றத்தில் முழுக்காணியையும் பிரிக்கச் சொல்லி வழக்குப் போடலாம். மற்றவர்களின் சம்மதம் தேவையில்லை. வழக்காளி வம்சாவளியை எழுத வேண்டும்: யாரிடமிருந்து யாருக்கு, எந்த உறுதியால், எந்த மரணத்தால். வழக்குக் காணிப் பதிவகத்தில் பதியப்படும். பதிந்த பிறகு யாரும் தம் பிரிபடாத பங்கை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. அப்படி எழுதும் உறுதியை 66ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. மகளின் கல்யாணத்துக்குத் தன் பங்கை அடகுவைக்கலாம் என்று நினைத்திருந்த தங்கைக்கு வழக்கு முடியும்வரை அந்தக் கதவும் மூடியது.

பிறகு நீதிமன்ற ஆணையோடு நில அளவையாளர் வருவார். மேளம் அடித்து அறிவித்து, யார் யார் உரிமை கேட்கிறார்கள் என்று குறித்து, முதல் வரைபடம் தயாரிப்பார். பல வழக்குகள் இங்கேயே வழுக்குகின்றன. உறுதியில் 20 பேர்ச், நாடாவில் 22 வந்தால் கூடுதல் இரண்டும் யாருடையது என்று பக்கத்துக் காணிக்காரர் உள்ளே வருவார். ஊவாவின் பழைய உறுதிகளில் அளவு பேர்ச்சில்கூட இருக்காது, இத்தனை லாஹ நெல் விதைப்புக் காணி என்றிருக்கும். அதை அடியாக மாற்றும்போது ஆளுக்கொரு விடை. வேலி நகர்ந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி, தகப்பன் வாங்கியபோது இருந்த வரைபடத்தோடு இன்றைய அளவை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. அதை வழக்குக்கு முன்பே ஒரு நில அளவையாளரிடம் செய்துகொள்ளலாம்.

இந்தச் சட்டத்தில் ஒரு தனித்தன்மை: எல்லோரும் சமாதானமாகி வந்தாலும் நீதிபதி அப்படியே கையெழுத்திட முடியாது. உரித்தைத் தானே ஆராய வேண்டும். காரணம் 48ஆம் பிரிவு. பிரிவினைத் தீர்ப்பு வழக்கில் இருந்தவர்களை மட்டுமல்ல, உலகத்தில் யாரையும் கட்டுப்படுத்தும் என்று அது சொல்கிறது. வம்சாவளியில் ஒரு வாரிசை, தெரிந்தோ தெரியாமலோ, விட்டுவிட்டால் அவருடைய உரிமை தீர்ப்போடு கரைந்துபோகலாம். அதனால்தான் நீதிமன்றம் அவசரப்படுவதில்லை. அவசரப்படாததால்தான் பத்து ஆண்டைத் தாண்டும் பிரிவினை வழக்குகள் அரிதாக இல்லை. பங்குகளைத் தீர்மானிக்கும் இடைக்காலத் தீர்ப்பு, அதன்பின் இரண்டாவது அளவை, துண்டுகளின் திட்டம், ஆட்சேபணை, இறுதித் தீர்ப்பு. மேம்பாடு செய்தவருக்கு, முடிந்தவரை, அவர் மேம்படுத்திய பகுதியையே ஒதுக்க வேண்டும் என்பது விதி. மூத்தவருக்கு வீடு உள்ள துண்டு கிடைக்கப் பெரும்பாலும் அதுவே வழி.

பிரிக்க முடியாத காணி என்றால் விற்க உத்தரவாகும். மதிப்பிட்ட விலைக்கு முதலில் பங்காளிகளுக்குள்ளே, யாரும் எடுக்காவிட்டால் பகிரங்க ஏலம். ஏலத்தில் ஒரு கோடி வீடு 80 இலட்சத்துக்குப் போனதாக வைத்துக்கொண்டால் கிளைக்கு 5 இலட்சம் நட்டம். 80,000க்கு இறங்கி வராத தங்கையும் மூத்தவரும் ஆளுக்கு ஐந்து இலட்சம் கொடுத்து அந்த வீம்பை வாங்கியிருக்கிறார்கள். பிரிவினைச் செலவும் பங்கின் அளவுப்படி எல்லோர் தலையிலும் விழும். வழக்கை எதிர்த்தவரும் தன் கால் பங்கைக் கட்ட வேண்டும்.

வழக்கு நடக்கும் ஆண்டுகளில் மனிதர்கள் இறக்கிறார்கள். வெளிநாட்டுத் தம்பி மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுப் போனால் அவருடைய கால் பங்கு மனைவிக்கு எட்டில் ஒன்று, பிள்ளைகளுக்கு இருபத்துநான்கில் ஒவ்வொன்று. தங்கை கணவரையும் ஐந்து பிள்ளைகளையும் விட்டுப் போனால் கணவருக்கு எட்டில் ஒன்று, பிள்ளைகளுக்கு நாற்பதில் ஒவ்வொன்று. பொதுவான கீழ் எண் 120. மூத்தவருக்கு 30, தங்கையின் கணவருக்கு 15, அவர் பிள்ளைகளுக்கு 3 வீதம், தம்பியின் மனைவிக்கு 15, அவர் பிள்ளைகளுக்கு 5 வீதம், கடைசி மகளின் பிள்ளைகளுக்கு 15 வீதம். கூட்டினால் 120 வரும். ஐந்து பேராக இருந்தவர்கள் 13 பேர். இரண்டு மரணம்தான் நடந்திருக்கிறது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருக்கும், வழக்காளி தவிர்ந்த மற்ற எல்லோருக்கும் அழைப்பாணை சேர்ப்பிக்க வேண்டும். நொத்தாரிசு முன் ஒரே நாளில் முடிந்திருக்கக்கூடிய வேலை இனி 13 கையெழுத்தைத் தேடும் வேலை.

நாற்பதில் ஒன்று 20 பேர்ச்சில் அரைப் பேர்ச், 136 சதுர அடி. தோட்டத்து லயன் அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. கிளாக்கராக இருந்து மிச்சம்பிடித்து லயத்திலிருந்து நகரத்துக்கு வந்தவரின் பேரப்பிள்ளைக்குக் காகிதத்தில் கிடைப்பது மறுபடி ஒரு லயன் அறையின் அளவு.

அந்த லயன் அறையைப் பங்கு பிரிக்கும் கேள்வியே எழவில்லை என்பது தோட்டத்தின் தனிக் கதை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992 முதல் பிராந்தியத் தோட்டக் கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. பசறையிலோ லுணுகலையிலோ ஹப்புத்தளையிலோ தலைமுறையாக இருந்த குடும்பமானாலும் லயம் அவர்களின் சொத்தல்ல. செக்ரோலில் பெயர் உள்ள பிள்ளை அறையில் தொடர்கிறார், மற்றவர்கள் வெளியேறுகிறார்கள். உடைமை இல்லாத இடத்தில் இணையுடைமை இல்லை.

இப்போது அது மாறத் தொடங்கியிருக்கிறது. தனி வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் கொடுக்கப்பட்டன. ஏழு பேர்ச் 177 சதுர மீட்டர். 150க்கு மேலே, 300க்கு வெகு கீழே. அதாவது ஒரு துண்டு, ஒருபோதும் இரண்டு துண்டாகாது. தகப்பன் பெயரில் முழுச் சொந்தமாக உறுதி இருந்து அவர் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டு இறந்தால், தாய்க்கு 3.5 பேர்ச், பிள்ளைகளுக்கு 0.875 வீதம், அதாவது 238 சதுர அடி. பதுளை நகரத்து 20 பேர்ச் இரண்டு தலைமுறையில் வந்து சேரும் நெருக்கடிக்கு இது முதல் மரணத்திலேயே வந்துவிடும், அடிமனையே சிறிது.

அரசு தான் கொடுக்கும் காணிகளில் இந்தக் கணக்கை வேறு விதமாகத் தடுக்கப் பார்த்தது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் மகியங்கனை போன்ற குடியேற்றப் பகுதிகளில் வழங்கிய காணிகளுக்குப் பின்னுரித்தாளர் ஒருவரையே பெயர் குறிக்கச் சொன்னது. குறிக்காவிட்டால் ஆண் வழிக்கு முன்னுரிமை. துண்டாடல் நின்றது, அக்கா தங்கைகள் வெளியே நின்றார்கள். 2022இல் செய்த திருத்தம்தான் ஆண் பெண் வரிசையை எடுத்தது. ஒரே வாரிசு என்ற முறை காணியைக் காப்பாற்றும், ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாக எதையும் தருவதில்லை. கண்டி வழக்கத்தில் வயலைப் பிரிக்காமல் ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்துச் செய்யும் தட்டுமாறு இருக்கிறது. வயலுக்குப் பொருந்தும், அடுப்பு ஒன்றே உள்ள வீட்டுக்குப் பொருந்தாது.

ஏழு பேர்ச் வீட்டுக்குப் பொருந்தக்கூடியது மரணசாசனம்தான், உறுதியிலுள்ள நிபந்தனைகள் தடுக்காவிட்டால். பொதுச் சட்டத்தில் யாருக்கு எவ்வளவு எழுதுவது என்பதற்குத் தடை இல்லை. வீட்டை ஒரு பிள்ளைக்கு எழுதி, மற்றவர்களுக்கு இத்தனை வருடத்துக்குள் இவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைமீது கடமை வைக்கலாம். நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால் இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். இறந்த பிறகு அதை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அதற்கும் செலவு உண்டு. ஆனால் அங்கே நீதிபதி முன் வருவது ஒரு தாள், 120இல் 3 போன்ற பங்குகளோடு 13 பேர் அல்ல.